காத்தான்குடி மெயின் வீதியைப் பொம்மை ஊர் மாதிரிக் காட்ட ப்ரொம்ப்ட்டில் என்ன எழுதுவது?

ஈச்சமரத்தடி (காத்தான்குடி)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட மெயின் வீதியில ஈச்சமரம் நிக்கிற பகுதிய, மாமாட கட மொட்டமாடியில இருந்து ஃபோனால எடுத்து வச்சிருக்கன். மூணு மாடி உயரம். கீழ ஒரு சிவப்பு ஆட்டோ, அதுக்குப் பின்னால நீல ஆட்டோ, கொஞ்சம் தள்ளி ஒரு இ.போ.ச பஸ், நடுவுல மரங்கள், ரெண்டு பக்கமும் கடைகள். இதை டில்ட் ஷிஃப்ட் படம் மாதிரி, மேசையில அடுக்கி வச்ச பொம்மை ஊர் போல மாத்தணும். கடைக்காரர் சங்கத்துக்கு ஒரு கலண்டர் செய்றன், அதுக்கு முகப்புப் படம்.

நான் குடுத்த ப்ரொம்ப்ட் இதுதான்:

```
tilt-shift miniature toy diorama of a street in Kattankudy, bokeh, f/1.4
```

இதுக்கு பிளாஸ்டிக் மனிசர் வருது, மரப்பலகை ஓரம் வருது, சில நேரம் ஓரத்துல ஒரு பெரிய கையும் வருது. ஆட்டோவெல்லாம் மஞ்சளும் பச்சையுமா மாறிடுது. அதை விட்டுட்டு என்ட படத்தையே குடுத்து மாத்தச் சொன்னா மேலயும் கீழயும் மங்குது, ஆனா பாக்கிறவங்க "ஃபோன் லென்ஸ்ல தண்ணி பட்டுட்டா?" எண்டு கேக்கிறாங்க. பொம்மையாத் தெரியல்ல.

எனக்கு வேணும் எண்டது எங்கட உண்மையான வீதி. கடைப் போர்டெல்லாம் அப்படியே இருக்கணும். ஆனா பாத்த உடனே உள்ளங்கையில தூக்கலாம் போல இருக்கணும். எந்தச் சொல்ல மாத்தினா இது சரிவரும்?

ஆரையம்பதி_ஆள்

தங்கச்சி, இதுக்கு ஏஐ ஒண்டும் தேவையில்ல. ஸ்னாப்சீட்ல `Lens Blur` எடுங்க, வட்டத்தை நேர்க்கோட்டுப் பட்டையா மாத்துங்க, பட்டைய ஆட்டோக்கு மேல வைங்க, `Transition` கொஞ்சம் கூட்டுங்க. பிறகு நிறத்தைக் கூட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் எங்கட ஊர்க் கோயில் திருவிழா படம் எல்லாம் இப்பிடித்தான் செய்வன், எல்லாரும் பொம்மை எண்டுதான் சொல்லுவாங்க.

அக்கரைப்பற்று_ட்ராஃப்ட்ஸ்மன்

டில்ட் ஷிஃப்ட் எண்டா கட்டடம் சாயாம நேரா வாறதுக்குப் போடுற லென்ஸ். நான் வீட்டு பிளான் கீறுற ஆள், முடிஞ்ச வீடுகளைப் படம் எடுத்துக் குடுக்கிற வேலையும் இருக்கு. கீழ இருந்து எடுத்தா சுவர் ரெண்டும் மேல போய்க் கூடுற மாதிரி வரும். அதை ப்ரொம்ப்ட்டில `straight verticals` எண்டு எழுதிச் சரிக்கட்டலாம். உங்கட படத்துல கடைகள் சாயுதா? அதுதான் பிரச்சினையோ?

பழைய_லென்ஸ் (மட்டக்களப்பு)

ட்ராஃப்ட்ஸ்மன் தம்பி சொல்வது அந்த லென்ஸின் ஷிஃப்ட் பக்கம். லென்ஸை மேலே கீழே நகர்த்தினால் சுவர் நேராகும். தங்கச்சிக்கு வேண்டியது டில்ட் பக்கம், அதாவது லென்ஸைச் சரித்து, கூர்மையாகத் தெரியும் இடத்தை ஒரு மெல்லிய துண்டாகச் சுருக்குவது. ஆனால் இந்தக் குழப்பத்தில் ஒரு பிரயோசனம் இருக்கிறது. இணையத்தில் `tilt-shift` என்று எழுதியிருக்கும் படங்களில் இரண்டு வகையும் உண்டு. அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பினால் மாடல் ஒரு நேரம் நேரான கட்டடத்தைத் தரும், ஒரு நேரம் பொம்மையைத் தரும்.

இப்போது தங்கச்சியின் ப்ரொம்ப்ட். அதில் மூன்று சொற்கள் எதிராக வேலை செய்கின்றன. `miniature`, `toy`, `diorama` என்று எழுதினால் மாடல் கீழ்ப்படிந்து உண்மையான பொம்மையைத்தான் கீறும். மரப்பலகை ஓரமும் கையும் அங்கிருந்துதான் வருகின்றன, ஏனென்றால் பொம்மைகளைப் படம் எடுப்பவர்கள் மேசையோடும் கையோடும்தான் எடுப்பார்கள். `bokeh` என்றால் இரவு வெளிச்சப் பொட்டுகள் வரும். `f/1.4` என்றால் ஆள்முகப் படங்களின் பக்கம் இழுக்கும், கெமரா தரைக்கு இறங்கிவிடும். உங்களுக்குக் கெமரா மேலே இருக்க வேண்டும்.

பொம்மை என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் வர வேண்டும், ப்ரொம்ப்ட்டில் வரக் கூடாது. ப்ரொம்ப்ட்டில் கெமரா எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது, எது கூர்மை, வெளிச்சம் எப்படி என்பதை மட்டும் எழுதுங்கள். புதிதாகக் கீறச் சொல்வதானால் இப்படி:

```
High-angle photograph of a real two-lane street from a
third-floor rooftop, camera pointing down about 30 degrees,
no sky in frame. Only a thin slice of the scene is sharp,
at the red three-wheeler in the middle; everything nearer
and farther falls into heavy lens blur. Hard noon sun,
crisp shadows, clean saturated paint, clear air.
```

ஆட்டோவின் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் இந்திய ஆட்டோதான் வரும். வாகனங்கள் இடது பக்கம் ஓடுகின்றன என்பதையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

வானம் படத்தில் இருக்கவே கூடாது. ஒரு சிறு கீற்று வானம் தெரிந்தாலும் பார்ப்பவருக்கு அளவு பிடிபட்டுவிடும். உங்கள் சொந்தப் படத்தில் மேலே வானம் இருந்தால் மாடலிடம் கொடுக்கும் முன்னமே வெட்டிவிடுங்கள்.

வந்தாறுமூலை_ஜீபியூ

அண்ணன் சொன்னதோட ஒண்டு சேக்கிறன். பிளாஸ்டிக் வேணாம் எண்டு வசனத்துக்குள்ள `no toys` எழுதாதீங்க. நிறைய மாடல் அந்த `no`வ விட்டுட்டு `toys`ஐ மட்டும் பிடிச்சிக்கும். ஸ்டேபிள் டிஃபியூஷன் எண்டா நெகட்டிவ் ப்ரொம்ப்ட் பெட்டிக்குள்ள போடணும். மிட்ஜேர்னி எண்டா கடைசியில இப்பிடி:

```
--no toy, figurine, tabletop, wooden base, hand
```

ஈச்சமரத்தடி

ஜஸாக்கல்லாஹ் அண்ணன், தம்பி. சொற்கள எடுத்த உடனே பிளாஸ்டிக் போயிட்டு. வானத்தையும் வெட்டிட்டன், அதுவே பெரிய வித்தியாசம்.

ஆனா புதுசாக் கீறின வீதி எங்கட வீதி இல்ல. ஈச்சமரம் வருது, சுத்தி துபாய் வருது. கடைப் போர்டுல தமிழ் மாதிரி ஏதோ கோடு கோடா இருக்கு. அதால என்ட சொந்தப் படத்திலதான் செய்யப் போறன். இப்ப கேள்வி, கூர்மையான துண்டு எவ்வளவு அகலம் இருக்கணும்? நான் ஆட்டோ ரெண்டும் பஸ்ஸும் தெளிவா இருக்கட்டும் எண்டு வச்சன். நல்லாத்தான் இருக்கு, ஆனா பொம்மை எண்டு சொல்ல இன்னும் மனசு வருதில்ல.

பழைய_லென்ஸ்

அதுதான் காரணம். துண்டு மிக அகலம். இதைக் கணக்குப் பார்த்தே சொல்லலாம்.

மேசையில் ஓடும் ரயில் மாதிரிகளில் பரவலான அளவு 1:87. அந்த அளவில் உங்கள் வீதியை ஒருவர் செய்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். ஆட்டோவின் நீளம் சுமார் 2.6 மீற்றர், அது 3 சென்ரிமீற்றர் ஆகும். மொட்டைமாடியில் உங்கள் ஃபோன் ரோட்டிலிருந்து 10 அல்லது 11 மீற்றர் உயரத்தில் இருந்து 30 பாகை கீழே பார்த்தால், ஆட்டோவுக்கும் உங்களுக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 21, 22 மீற்றர். மாதிரியில் அது 25 சென்ரிமீற்றர். அதாவது கெமராவை ஒரு சாண் தூரத்தில் பிடித்திருக்கிறீர்கள்.

அவ்வளவு கிட்டத்தில் சாதாரண 50 மில்லிமீற்றர் லென்ஸால் f/4இல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் 5 மில்லிமீற்றருக்கும் குறைவு. f/11 வரை அடைத்தாலும் 13 மில்லிமீற்றர்தான். அதை 87ஆல் பெருக்கி வீதிக்குக் கொண்டு வாருங்கள். f/4இல் அரை மீற்றர்கூட இல்லை, f/11இல் 1.15 மீற்றர். கெமராவை நோக்கி நீளவாக்கில் நிற்கும் ஓர் ஆட்டோவின் முன்சில்லு கூர்மை என்றால் பின்சில்லு கொஞ்சம் மங்க வேண்டும்.

நீங்கள் இரண்டு ஆட்டோவையும் பஸ்ஸையும் சேர்த்துக் கூர்மையாக வைத்தால் அது பத்துப் பதினைந்து மீற்றர் ஆழம். எந்த மாதிரியும் அப்படி விழாது. பார்ப்பவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை, ஆனால் ஒரு சாண் தூரத்தில் பொருளைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருக்கிறது. நான் சொல்வது, சிவப்பு ஆட்டோவையும் அதன் பக்கத்து ஈச்சமரத்தின் அடியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டுவிடுங்கள். மங்கலுக்குள் அது சிவப்பாகத் தெரிந்தால் போதும்.

முன்பக்கத்தையும் மறக்க வேண்டாம். பலர் பின்னால் உள்ளதை மட்டும் மங்க வைப்பார்கள். உங்களுக்குக் கிட்டவாக இருக்கும் மொட்டைமாடிச் சுவரோ மரக்கிளையோ பலமாக மங்கினால்தான் கெமரா கிட்ட இருக்கிறது என்ற எண்ணம் வரும்.

களுதாவளை_டீச்சர்

நான் ஏஐ பக்கம் புதுசு. ஆனா பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ரெஜிஃபோம்ல ஊர் செய்றது எங்கட வேலை, அதால மாதிரி எப்பிடி இருக்கும் எண்டு கண்ணுக்குத் தெரியும். மகள் போட்ட முதல் படத்தைப் பெரிசாக்கிப் பாத்தன். அதுல கூர்மையை விட எனக்கு உறுத்தினது கரண்ட் வயர்.

மாதிரி ஊர்ல வயர் இழுக்க மாட்டம். இழுத்தாலும் தையல் நூலுக்கு மேல மெல்லிசு கிடையாது, அது தடிப்பாத் தெரியும், தொய்வும் விழாது. உங்கட படத்துல நாலஞ்சு வயர் மெல்லிசாத் தொங்கிக்கொண்டு குறுக்கால போகுது. ஒண்டு ஆட்டோக்கு மேலேயே போகுது. அதைப் பாத்த உடனே மூளை "இது ரோட்டு" எண்டு முடிவெடுத்துடும். அதை எடுத்துப் பாருங்க.

அடுத்தது தார் ரோட்டுல இருக்கிற ஒட்டு, எண்ணெய்க் கறை, ஓரத்து மணல். நாங்க ரோட்டுக்கு ஒரே சாம்பல் பூசுவம், அவ்வளவுதான். கறை குறைஞ்சா பூசின ரோட்டு மாதிரி இருக்கும். பிறகு தூரத்துக் கடை எல்லாம் உங்கட படத்துல வெளிறிப் போயிருக்கு. எங்கட மேசையில அந்தத் தலைப்பும் இந்தத் தலைப்பும் ஒரே நிறம்தான், புகார் விழாது. தூரத்துக் கடையும் கிட்ட இருக்கிற கடை போலப் பளிச்செண்டு இருக்கணும். மங்கலா இருக்கலாம், வெளிறி இருக்கக் கூடாது.

பழைய_லென்ஸ்

டீச்சர் சொன்ன கடைசி வசனத்தை எல்லாரும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். நிறத்தைக் கூட்டுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், காரணம் இதுதான். காற்றில் உள்ள ஈரமும் தூசியும் தூரத்தை வெளிற வைக்கும், வாவியும் கடலும் இரண்டு பக்கமும் உள்ள நமது ஊரில் இன்னும் அதிகம். மாதிரியில் அந்தக் காற்று இல்லை. ஆகவே முழுப் படத்துக்கும் ஒரே அளவில் நிறம் கூட்டுவதை விட, தூரப் பகுதியின் கறுப்பைத் திரும்பக் கறுப்பாக்குவதுதான் முக்கியம்.

வந்தாறுமூலை_ஜீபியூ

சொந்தப் படத்துல செய்றதுக்கு நான் கண்டது. எஸ்டிஎக்ஸ்எல் மாடல்ல இமேஜ்-டு-இமேஜ் போட்டா `denoising strength` 0.3, 0.4ல மங்கலே வராது, ஏனெண்டா மூலப் படம் முழுக்கக் கூர்மையா இருக்கு, மாடல் அதைக் காப்பாத்தும். 0.6க்கு மேல போனா மங்கல் வரும், ஆனா போர்டு எழுத்து, கடை ஜன்னல், மனிசர் எல்லாம் மாறிடும். அக்கா கேக்கிற ரெண்டும் ஒண்டா நடக்காது.

வழி என்னண்டா ஆரையம்பதி அண்ணன் சொன்ன மாதிரி முதல் ஸ்னாப்சீட்ல மங்க வச்சு, அந்தப் படத்தை 0.3ல குடுங்க. மங்கல் ஏற்கனவே உள்ளுக்க இருக்கிறதால மாடல் அதையும் காப்பாத்தும், நிறத்தையும் பெயின்ட் மினுக்கத்தையும் மட்டும் சேக்கும். போர்டு எழுத்து 0.3லயும் கொஞ்சம் நெளியும். அதால கடைசியில மூலப் படத்தில இருந்து அந்தக் கூர்மையான துண்டை மட்டும் எடுத்து மேல ஒட்டிடுங்க.

இல்லாட்டி வசனம் சொல்லித் திருத்துற மாடல் ஒண்டுல இப்பிடிக் கேக்கலாம்:

```
Keep every building, signboard, vehicle and person exactly
as in the photo. Remove the overhead wires and the road
stains. Restore full contrast to the far shops. Do not blur
anything yet.
```

கடைசி வசனம் முக்கியம். சுத்தம் பண்றதையும் மங்க வைக்கிறதையும் ஒரே தரத்துல கேட்டா ரெண்டையும் அரைகுறையாச் செய்யும்.

ஆரையம்பதி_ஆள்

பாத்தீங்களா, கடைசியில ஸ்னாப்சீட் பட்டைக்குத்தான் வந்து நிக்கிறம். 😊

பழைய_லென்ஸ்

பட்டையை நான் மறுக்கவில்லை. வெறும் ரோட்டுக்கு, வயலுக்கு, கடற்கரைக்கு அது போதும். இந்தப் படத்தில் நடுவே ஈச்சமரம் நிற்கிறது, அங்கேதான் பட்டை பிழைக்கும்.

தங்கச்சி மங்க வைத்துப் போட்ட படத்தில் ஆட்டோவுக்குப் பக்கத்து மரத்தைப் பாருங்கள். அடிமரம் கூர்மை. மேலே போகப் போக மங்கி, ஓலைகள் அதற்குப் பின்னால் தெரியும் துணிக்கடைச் சுவரோடு ஒரே அளவில் கரைந்துவிட்டன. மரம் நிமிர்ந்து நிற்கிறது, சுவர் தூரத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே மங்கல் எப்படி வரும்? கண் உடனே பிடிக்கும். லென்ஸில் தண்ணீர் என்று உங்கள் ஆட்கள் கேட்டது அதனால்தான்.

பட்டை தூரத்தைப் பார்ப்பதில்லை, படத்தில் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. மாடல்களும் இதே பிழையைச் செய்யும். `tilt-shift` என்று பெயர் போட்டு இணையத்தில் கிடக்கும் படங்களில் நிறைய, ஃபோன் செயலியில் பட்டை போட்டவை. மாடல் அதைத்தான் படித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆரையம்பதி_ஆள்

அண்ணன், மரியாதையோட ஒரு கேள்வி. உண்மையான மாதிரியிலயும் மரத்திட உச்சி மங்கத்தானே வேணும்? நீங்கதானே சொன்னீங்க கூர்மை ஒரு மீற்றருக்கு மேல இல்ல எண்டு. மரம் அஞ்சு மீற்றர் இருக்கும். அப்ப உச்சி மங்கினா சரிதானே?

பழைய_லென்ஸ்

நல்ல கேள்வி. உச்சி மங்க வேண்டும், அதில் நீங்கள் சரி. எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

கெமரா 30 பாகை கீழே பார்க்கிறது. மரம் 5 மீற்றர் உயரம். உச்சி நமக்குக் கிட்டவாக வருகிறது, எவ்வளவு என்றால் 5 × sin 30° = 2.5 மீற்றர். ஆகவே உச்சி, கூர்மைத் துண்டிலிருந்து நம் பக்கமாக 2.5 மீற்றர் விலகிய பொருளின் அளவு மங்க வேண்டும்.

இப்போது அந்த உச்சிக்கு நேர் பின்னால் படத்தில் தெரியும் ரோட்டுத் துண்டு எங்கே இருக்கிறது? கெமரா 10.5 மீற்றர் உயரம் என்றால் மரத்தடி 18.2 மீற்றர் தள்ளி இருக்கிறது, உச்சியை விடக் கெமரா 5.5 மீற்றர் மேலே. ஆகவே அந்த ரோட்டு மரத்தின் அடியிலிருந்து 18.2 × 5 ÷ 5.5 = 16.5 மீற்றர் பின்னால். கெமராவின் ஆழக் கணக்கில் அது 14.3 மீற்றர் தூரம். பட்டை, உச்சியையும் அந்த 14.3 மீற்றர் தூரத்து ரோட்டையும் ஒன்றாக மங்க வைக்கும். மங்கல், விலகலைக் கெமராவிலிருந்து பொருள் நிற்கும் தூரத்தால் பிரித்த அளவில் வரும். உச்சிக்கு 2.5 ÷ 18.5 = 0.14, ரோட்டுக்கு 14.3 ÷ 35.3 = 0.41. அதாவது பட்டை உச்சிக்குக் கொடுப்பது, வர வேண்டியதை விட ஏறக்குறைய மூன்று மடங்கு மங்கல்.

எனவே சரியான படத்தில் ஓலைகள் கொஞ்சம் மென்மையாக இருக்கும், ஆனால் ஓலையின் உருவம் பின்னால் உள்ள மங்கலிலிருந்து பிரிந்து தெரியும். இதுதான் நான் பார்க்கும் முதல் சோதனை. மரம், மின்கம்பம், மணிக்கூட்டுக் கோபுரம், எது நிமிர்ந்து நின்றாலும் அதன் உச்சிக்கும் அதற்குப் பின்னாலுள்ளதற்கும் மங்கல் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்வதற்கு வழி ஆழப் படம். `Depth Anything V2` போன்ற ஒரு மாடலில் சுத்தம் செய்த படத்தைக் கொடுத்தால், கிட்ட இருப்பது வெள்ளையாகவும் தூரம் கறுப்பாகவும் ஒரு சாம்பல் படம் வரும். ஃபோட்டோஷொப்பில் அதை ஒரு ஆல்பா சானலாக ஒட்டி, `Lens Blur`இல் `Depth Map` என்ற இடத்தில் அந்தச் சானலைத் தெரிந்து, ஆட்டோவின் மேல் சொடுக்கினால் அந்த ஆழம் கூர்மையாகும். முன்னும் பின்னும் அதன் அளவுக்கு மங்கும். ஜிம்ப்பில் `Variable Blur` இருக்கிறது, ஆனால் அதற்கு ஆழப் படத்தை நேரே கொடுக்க முடியாது. ஆட்டோவின் சாம்பல் நிறம் கறுப்பாகவும் அதிலிருந்து இரு பக்கமும் விலகுவது வெள்ளையாகவும் வருமாறு முதலில் வளைகோட்டால் மாற்ற வேண்டும்.

ஆழப் படத்தில் ஓலைகளுக்கு நடுவே உள்ள ஓட்டைகள் பெரும்பாலும் அடைபட்டு, முழுத் தலையும் ஒரு கட்டியாக வரும். பிறகு ஓலை இடுக்கில் தெரியும் சுவரும் கூர்மையாக நிற்கும். அதைக் கையால் மெல்லிய தூரிகை கொண்டு சரிசெய்ய வேண்டியதுதான், அதற்குக் குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

வந்தாறுமூலை_ஜீபியூ

அண்ணன், இதையும் வசனமாச் சொல்லிப் பாத்தா என்ன? நான் ஒரு திருத்துற மாடல்ல `blur by distance from the camera, not by height in the picture; palm crowns stay clearer than the walls behind them` எண்டு எழுதிப் பாத்தன். ஓலை பிரிஞ்சு வந்திச்சு. ஆழப் படம் அளவுக்குச் சுத்தமில்ல, ஆனா பட்டையை விட நல்லம்.

பழைய_லென்ஸ்

வரலாம் தம்பி. ஒவ்வொரு தரமும் அதே மாதிரி வருமா என்பதுதான் என் சந்தேகம். கலண்டருக்கு ஒரு படம் என்றால் நல்லது வரும் வரை பார்க்கலாம். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே சாயலில் வேண்டும் என்றால் நான் ஆழப் படத்துக்குத்தான் போவேன்.

ஆரையம்பதி_ஆள்

சரி, கணக்கு விளங்கிச்சு. ஆனா உண்மையான டில்ட் லென்ஸால எடுத்தாலும் மர உச்சி ரோட்டோட சேந்து மங்கும் எண்டு கேள்விப்பட்டிருக்கன். அப்ப அந்தப் பெரிய ஆக்கள் எடுத்ததெல்லாம் பிழையா?

பழைய_லென்ஸ்

பிழை என்று சொல்ல மாட்டேன். சரிந்த லென்ஸில் கூர்மைத் தளமே சரிந்துவிடும், மாதிரியைக் கிட்ட இருந்து எடுத்ததற்குச் சமமாக இருக்காது. இத்தாலியின் ஒலிவோ பார்பியேரி ஹெலிகொப்டரில் இருந்து நகரங்களை இப்படி எடுத்தவர். ஜப்பானின் நவோகி ஹோன்ஜோவும் உயரத்தில் இருந்துதான் எடுப்பார். அவர்கள் படத்தில் உயரமான கட்டடங்களின் உச்சி கரைவதைப் பார்க்கலாம். அவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்கும்போது அது உறுத்துவதில்லை. மூன்று மாடியில் இருந்து, படத்தின் நடுவே ஒரே மரம் நிற்கும்போது உறுத்துகிறது. சிலருக்கு அந்தக் கரைவே பிடிக்கும், அதைத்தான் டில்ட் ஷிஃப்ட் என்பார்கள். நான் மாதிரி என்ற எண்ணத்தைத்தான் பெரிதாக எடுக்கிறேன்.

கல்லடி_சைக்கிள்

நானும் இதே வேலையில இறங்கியிருக்கன். கல்லடிப் பழைய பாலம், 1924ல திறந்த இரும்புப் பாலம். பாலம் மட்டும் அப்பிடியே பொம்மையா வந்திட்டு, அந்த இரும்புச் சட்டம் எல்லாம் பூட்டி விளையாடுற சாமான் மாதிரி. ஆனா கீழ வாவி வந்தா எல்லாம் கெட்டுப் போகுது. மங்கல் சரி, நிறம் சரி, ஆனாலும் பெரிய பாலம்தான் தெரியுது. ஏன் எண்டு விளங்கல்ல.

களுதாவளை_டீச்சர்

தண்ணி சிறுக்காது தம்பி. நாங்க மாதிரிக்கு வாவி செய்யிறண்டா கண்ணாடித் துண்டு வைப்பம், இல்லாட்டி நீலம் பூசி வார்னிஷ் அடிப்பம். உங்கட படத்துல ஆயிரக்கணக்கா சின்ன அலை இருக்கும், மேசையில அவ்வளவு சின்ன அலை ஒருத்தராலயும் செய்ய ஏலாது. அலையை எடுத்துட்டு வழுவழுப்பாக்கிப் பாருங்க.

கல்லடி_சைக்கிள்

`smooth glassy water, no ripples` எண்டு போட்டு வாவிய மட்டும் தெரிஞ்சு மாத்தினன் டீச்சர். பாலத்திட நிழல் தண்ணியில நேராக் கிடக்கு, இப்ப சரியா இருக்கு. நன்றி. ஆனா தோணி ஒண்டு இருந்திச்சு, அதையும் சேத்து அழிச்சிட்டு.

ஈச்சமரத்தடி

எல்லாருக்கும் நன்றி. நான் செஞ்ச ஒழுங்கை எழுதுறன், பிறகு ஒரு கேள்வியும் இருக்கு.

முதல் வானத்தை வெட்டினன். பிறகு தம்பி தந்த திருத்துற ப்ரொம்ப்ட்டால வயரையும் ரோட்டுக் கறையையும் எடுத்தன். வயர் போன உடனேயே, மங்க வைக்க முதலே, படம் பாதி பொம்மை ஆகிட்டு, டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஒரு கடைப் போர்டுல வயர் குறுக்கால போன இடத்துல "ஸ்டோர்ஸ்" எண்டதுல ஒரு எழுத்த மாடல் தானா மாத்திட்டு, அதை மூலப் படத்துல இருந்து வெட்டி ஒட்டினன். அடுத்தது ஆழப் படம் எடுத்து, ஜிம்ப்புல ஆட்டோவ வச்சு மங்க வச்சன். மரத் தலை கட்டியாத்தான் வந்திச்சு, ஓலை இடுக்க கையால திருத்தினன். பஸ் மங்கிட்டு, ஆனா அந்தச் சிவப்பு நல்லா நிக்கிது.

இப்ப வீட்டுல எல்லாரும் முதல் பார்வையில மாதிரி எண்டுதான் சொல்றாங்க. உம்மா மட்டும், ஆட்டோ பக்கத்துல நிக்கிற மனிசர் மனிசராத்தான் தெரியுறாங்க எண்டா. ஒருத்தர் சேர்ட்டுல மடிப்பு, கையில சொப்பிங் பேக், எல்லாம் தெளிவாத் தெரியுது. அவங்களுக்கு என்ன செய்யலாம்?

வந்தாறுமூலை_ஜீபியூ

அக்கா, அந்த மனிசர மட்டும் தெரிஞ்சு, `flat painted colours, simplified folds` எண்டு 0.35ல ஒரு தரம் ஓட்டுங்க. முகம் கொஞ்சம் வழுக்கும், அதுவே மாதிரிக்கு நல்லம்.

பழைய_லென்ஸ்

நான் கை வைக்க மாட்டேன். அவர்கள் அந்த வீதியில் நின்ற ஆட்கள், முகத்தை வழுக்க வைத்து ஊருக்குள் தொங்கும் கலண்டரில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூர்மைத் துண்டை அரை மீற்றர் பின்னுக்குத் தள்ளினால் ஆட்டோவின் பின்பாதியும் மரத்தடியும் தெளிவாகும், அவர்கள் கொஞ்சம் மென்மையாவார்கள். சேர்ட் மடிப்பு போய்விடும், ஆள் இருப்பார்.

களுதாவளை_டீச்சர்

எனக்கு அவங்க தெளிவா இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு. பொம்மை ஊர் எண்டு பாத்துக்கொண்டு வந்து, அங்க ஒரு உண்மையான மனிசனைக் கண்டா திரும்பப் பாப்பாங்க.

ஈச்சமரத்தடி

அண்ணன் சொன்ன மாதிரி துண்டைப் பின்னுக்குத் தள்ளியும் ஒண்டு, தள்ளாமலும் ஒண்டு வச்சிருக்கன். ரெண்டையும் ஏ3ல பிரின்ட் எடுக்கப் போறன். இன்னொரு விசயம், ஃபோன்ல பாக்கக்குள்ள சரியா இருந்த மங்கல் கொம்பியூட்டர் திரையில பெரிசாப் பாத்தா கூடின மாதிரியும், கூர்மைத் துண்டு அகலமான மாதிரியும் இருக்கு. சுவர்ல தொங்குற கலண்டருக்கு எந்தத் திரையப் பாத்து மங்கல முடிவெடுக்கிற?

அக்கரைப்பற்று_ட்ராஃப்ட்ஸ்மன்

பிளான் பிரின்ட் எடுக்கிற மாதிரிச் செய்ங்க தங்கச்சி. ஆட்டோவும் மரமும் வாற பகுதிய மட்டும் ஏ3ல எவ்வளவு பெரிசா வருமோ அதே அளவுல ஒரு ஏ4 தாள்ல எடுத்து, சுவர்ல ஒட்டி, கலண்டரப் பாக்கிற தூரத்துல நிண்டு பாருங்க. மங்கல் அளவ மாத்தி மூணு துண்டு எடுத்தா அங்கேயே தெரிஞ்சிடும். திரைய நம்பாதீங்க.

ஈச்சமரத்தடி

சரி காக்கா, அப்பிடியே செய்றன். மூணு துண்டையும் படம் எடுத்து இங்க போடுறன்.